நாலு தடவை வீடியோ பார்த்துவிட்டு வாங்கியவர்: விற்பனையை எந்த விளம்பரத்தின் கணக்கில் எழுதுவது?

கோயம்புத்தூரில் டேபிள் டாப் கிரைண்டர் செய்து, சொந்த வலைத்தளத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனை நிறுவனம்தான், கணக்கு எளிதாக வரும்படி எண்களை நானே போட்டிருக்கிறேன். கிரைண்டர் விலை 6,000 ரூபாய், ஒன்று விற்றால் கையில் நிற்பது 2,000 ரூபாய். ஆறாயிரம் ரூபாய் பொருளை விளம்பரம் பார்த்த அன்றைக்கே யாரும் வாங்கிவிட மாட்டார்கள். வீட்டில் கேட்க வேண்டும், பழைய கிரைண்டரை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டும், தீபாவளி ஆஃபர் வரட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அதற்குள் அந்த நிறுவனத்தின் வீடியோ விளம்பரம் அவர் கண்ணில் நாலைந்து தடவை பட்டிருக்கும். கடைசியில் ஒரு நாள் கூகுளில் பிராண்ட் பெயரைத் தட்டி, மேலே வரும் தேடல் விளம்பரத்தை அழுத்தி, வாங்கிவிடுவார். மாதக் கடைசியில் அறிக்கையைத் திறந்தால் அந்த 6,000 ரூபாயும் தேடல் விளம்பரத்தின் கணக்கில் இருக்கும். வீடியோவுக்குப் பூஜ்யம்.

இந்த விற்பனையை வழியில் வந்த எல்லா விளம்பரங்களுக்கும் நியாயமாகப் பிரித்துக் கொடுக்கும் கணக்குக்குத்தான் மல்டி டச் அட்ரிபியூஷன் என்று பெயர். பிரிப்பது சுலபம். நியாயமாகப் பிரிப்பதுதான் கஷ்டம், அதிலும் வீடியோவில் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் வீடியோ பார்ப்பவர் பெரும்பாலும் எதையும் அழுத்துவதில்லை. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் இப்போதுதான் விளம்பரம் ஓட்டத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். முதல் மூன்று படிகளைத் தாண்டிக் குதித்து நேரே கணக்குக்குப் போனால், வரும் எண் அழகாக இருக்கும், எதற்கும் உதவாது.

முதல் படி: எதைப் 'பார்த்தார்' என்று எண்ணுவது

"விளம்பரத்தை 40,000 பேர் பார்த்தார்கள்" என்று ஒருவர் சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை நொடி பார்த்தார்கள் என்பது. ஒரே விளம்பரத்துக்குப் பல விதமான எண்ணிக்கை உண்டு. திரையில் வந்தாலே போதும் என்பது இம்ப்ரெஷன். வீடியோவின் பாதிப் பரப்பாவது தொடர்ந்து 2 நொடி திரையில் தெரிந்திருந்தால், பார்க்கக்கூடிய நிலையில் இருந்தது என்று விளம்பரத் துறையின் பொது அளவுகோல் ஏற்றுக்கொள்கிறது. மெட்டாவில் 3 நொடி ஓடினால் ஒரு எண்ணிக்கை, 15 நொடியோ முழுசுமோ ஓடினால் ThruPlay என்று இன்னொன்று. யூடியூபில் ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்தை 30 நொடி பார்த்தால் (அதைவிடச் சின்ன வீடியோ என்றால் முழுசும் பார்த்தால்) வியூ என்று எண்ணும்.

ஆனால் விற்பனைக் கணக்கை முடிவு செய்வது இதில் எதுவும் இல்லை. கூகுள் ஆட்ஸில் Engaged-view conversion என்று ஒன்று இருக்கிறது. ஸ்கிப் செய்யக்கூடிய விளம்பரத்தை ஒருவர் குறைந்தது 10 நொடி பார்த்துவிட்டு, எதையும் அழுத்தாமலேயே போய், பிறகு வந்து வாங்கினால் அது இந்த வகையில் சேரும். மாற்றி வைக்காவிட்டால் 3 நாளுக்குள் வாங்கியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். இது Conversions என்ற முக்கியப் பத்தியிலேயே கலந்துவிடும். விளம்பரம் திரையில் வந்தது, அவர் 10 நொடிகூடப் பார்க்கவில்லை, ஆனால் ஒரு நாளுக்குள் வாங்கிவிட்டார் என்றால் அது View-through conversion. இதை கூகுள் தனிப் பத்தியில் வைக்கிறது, மொத்தத்தில் சேர்ப்பதில்லை. மெட்டா அப்படி இல்லை. அங்கே வழக்கமான அமைப்பில், அழுத்திய 7 நாளுக்குள் வாங்கியதும், அழுத்தாமல் திரையில் வந்த ஒரு நாளுக்குள் வாங்கியதும் சேர்ந்துதான் முடிவாகக் காட்டப்படும்.

ஆகவே இரண்டு தளத்தின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு முன்பு, உங்களுக்கென்று ஒரு வரையறை எழுதி வையுங்கள். என் சிபாரிசு: 10 நொடி பார்த்திருந்தால் தொடுகை என்று எண்ணுங்கள், அதற்குக் குறைவானதை விட்டுவிடுங்கள். ஸ்கிப் செய்ய முடியாத 6 நொடி பம்பர் விளம்பரம் ஓட்டினால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள், ஏனென்றால் அங்கே 10 நொடி என்ற கேள்வியே எழாது, எல்லோரும் கட்டாயமாக முழுசும் பார்த்தவர்கள்தான். ஆர்வமாகப் பார்த்தவரையும் வேறு வழியில்லாமல் பார்த்தவரையும் ஒரே பத்தியில் கூட்டாதீர்கள்.

இரண்டாம் படி: தடத்தைச் சேர்ப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. விளம்பர இணைப்பில் இப்படி ஒரு குறி சேர்த்து, எல்லாம் பதிவாகிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள்:

```
?utm_source=youtube&utm_medium=video&utm_campaign=demo45
```

இந்தக் குறி அழுத்தியவரை மட்டும்தான் காட்டும். வீடியோவை முழுசும் ரசித்துப் பார்த்து, அழுத்தாமல் போய், ஐந்து நாள் கழித்துத் தானாக வந்தவரிடம் இந்தக் குறி இருக்காது. அனலிட்டிக்ஸில் யூடியூபுக்கு வெறும் ஏழெட்டு விற்பனைதான் தெரிகிறது, ஆகவே யூடியூப் வீண் என்று முடிவு கட்டுபவர்கள் பார்ப்பது இந்த ஓட்டைப் பாத்திரத்தைத்தான்.

பார்த்தவர்களின் தடம் விளம்பரத் தளத்தின் உள்ளேதான் இருக்கிறது. கூகுள் ஆட்ஸில் Goals பகுதிக்குள் Attribution என்ற இடத்தில் Conversion paths அறிக்கை இருக்கும். வாங்கியவர்கள் எந்த விளம்பரத்தில் தொடங்கி எது எது வழியாக வந்தார்கள் என்ற வரிசையும், முதல் தொடுகையிலிருந்து வாங்கும் வரை எத்தனை நாள் ஆனது என்பதும் அங்கே கிடைக்கும். தனித்தனி ஆட்களாகக் கிடைக்காது, கூட்டித்தான் கிடைக்கும். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் Ads Data Hub என்று ஒரு வசதி உண்டு, அதிலும் பொதுவாக 50 பேருக்குக் குறைவான குழுவை அது காட்டாது. தனி அனுமதி வாங்க வேண்டும், சிறிய விளம்பரதாரர்கள் ஏஜென்சி வழியாகத்தான் போக முடியும்.

சரி, கூகுளின் தடமும் மெட்டாவின் தடமும் ஒன்றுசேருமா? சேராது. கூகுளுக்கு இன்ஸ்டாகிராமில் நடந்தது தெரியாது, மெட்டாவுக்கு யூடியூபில் நடந்தது தெரியாது. ஐபோனில் 2021 ஏப்ரலில் வந்த iOS 14.5 முதல், ஒரு செயலி மற்ற செயலிகளிலும் வலைத்தளங்களிலும் உங்களைத் தொடர வேண்டுமென்றால் அனுமதி கேட்டாக வேண்டும், நிறையப் பேர் வேண்டாம் என்றே அழுத்துகிறார்கள். ஆக ஒரே விற்பனையை இரண்டு தளமும் "இது என்னால்" என்று எழுதிக்கொள்வது சாதாரணமாக நடக்கும். இதைப் பிடிப்பதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். உங்கள் ஆர்டர் புத்தகத்தில் அந்த மாதம் 300 விற்பனை, கூகுள் 190 என்கிறது, மெட்டா 170 என்கிறது, கூட்டினால் 360. நண்பர் சொல்லி வந்தவர்கள், பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரையும் மறந்துவிட்டால்கூட 60 விற்பனை காற்றில் வந்திருக்கிறது. மாதாமாதம் இந்த ஒரு கூட்டலைச் செய்துபாருங்கள், அப்புறம் தளங்கள் சொல்லும் எண்ணை அப்படியே நம்ப மனசு வராது.

நம் ஊர் விற்பனைக்கே உரிய இரண்டு சிக்கல்கள் தனியாக இருக்கின்றன. ஒன்று, கேஷ் ஆன் டெலிவரி. ஆர்டர் போட்ட நிமிடமே விளம்பரத்துக்குப் பெயர் எழுதப்பட்டுவிடும். பார்சல் போய், ஆள் இல்லை என்றோ வேண்டாம் என்றோ திரும்பி வந்தாலும் அந்தப் பெயர் அழியாது. பார்த்த வேகத்தில் ஆர்டர் போடவைக்கும் ஒரு வீடியோ அறிக்கையில் முதலிடத்தில் இருக்கும், ஆனால் திரும்பி வரும் பார்சலிலும் அதுவே முதலிடத்தில் இருக்கக்கூடும். கன்வர்ஷன் பதிவாகும்போதே ஆர்டர் எண்ணையும் சேர்த்து அனுப்பினால், திரும்பி வந்தவற்றைப் பின்னால் அந்த எண்ணை வைத்தே கூகுள் ஆட்ஸில் நீக்கலாம். இன்னொன்று, வாட்ஸ்அப்பிலும் போனிலும் வரும் ஆர்டர். இது வலைத்தளத்தின் எந்தக் குறியிலும் விழாது. பேசும் ஆளிடம் "எங்களை முதலில் எங்கே பார்த்தீங்க?" என்று கேட்கச் சொல்லி ஒரு பத்தியில் எழுதி வையுங்கள். பதில் துல்லியமாக இருக்காது, ரீல்ஸில் பார்த்தவர்கூட "யூடியூப்ல பார்த்தேன்" என்பார். இருந்தாலும் வீடியோவா, தெரிந்தவர் சொன்னாரா என்ற அளவுக்கு அதை நம்பலாம். அப்பா டிவியில் யூடியூப் பார்க்க, மகள் தன் போனில் ஆர்டர் போடும் வீடுகளில் தடம் எப்படியும் அறுந்துதான் போகும். அந்த மாதிரி விற்பனைக்கு இந்தக் கேள்வி ஒன்றுதான் வழி.

மூன்றாம் படி: எத்தனை நாள் பின்னோக்கிப் பார்ப்பது

வாங்கிய நாளிலிருந்து எத்தனை நாள் பின்னால் போய்த் தொடுகைகளைச் சேர்ப்பது என்பதற்குத் தளம் தரும் இயல்பான எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். கிரைண்டரை வாங்க ஒருவர் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொள்கிறார் என்றால் 3 நாள் சாளரத்தில் முதல் வீடியோ விழவே விழாது. கடைசியில் பார்த்த வீடியோ மட்டும்தான் விழும், பிறகு கடைசி வீடியோதான் நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றும். மேலே சொன்ன அறிக்கையில் முதல் தொடுகையிலிருந்து வாங்கும் வரை ஆன நாட்களைப் பார்த்து, பத்தில் ஒன்பது விற்பனை எத்தனை நாளுக்குள் முடிந்துவிடுகிறது என்று பாருங்கள். அந்த எண்தான் உங்கள் சாளரம். நம் உதாரணத்தில் அது 14 நாள் என்று வைத்துக்கொள்வோம். ரொம்ப நீட்டினால் எதிர்ப்பக்கத் தவறு வரும். 90 நாள் வைத்தால் ஊரில் பாதிப்பேர் உங்கள் வீடியோவை எப்போதாவது பார்த்திருப்பார்கள், எல்லா விற்பனையும் வீடியோவால் வந்ததாகவே தெரியும்.

நான்காம் படி: ஒரு தடத்தைக் கையால் பிரித்துப் பார்ப்பது

ஒரு வாடிக்கையாளர். முதல் நாள் யூடியூபில் மாவு அரைத்துக் காட்டும் 45 நொடி வீடியோவை 30 நொடி பார்க்கிறார். ஐந்தாம் நாள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் 12 நொடி. ஒன்பதாம் நாள் மறுபடி யூடியூபில் 15 நொடி நினைவூட்டல் வீடியோவை 11 நொடி. பன்னிரண்டாம் நாள் பிராண்ட் பெயரைத் தேடி, அழுத்தி, வாங்குகிறார். (இரண்டு தளத்தின் தடமும் இப்படி ஒரே கோட்டில் கிடைக்காது என்று இப்போதுதான் சொன்னேன். இது கணக்கு புரிவதற்காக மட்டும்.)

கடைசிக் கிளிக் முறையில் தேடலுக்கு 6,000, மற்ற மூன்றுக்கும் ஒன்றுமில்லை. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1,500. காலத்தேய்வு முறையில், வாங்கிய நாளிலிருந்து 7 நாள் பின்னால் போனால் மதிப்பு பாதி, 14 நாள் பின்னால் போனால் கால். இதை ஷீட்டில் போட இரண்டு சூத்திரம் போதும். A பத்தியில் வாங்குவதற்கு எத்தனை நாள் முன்பு என்று எழுதுங்கள், அதாவது 11, 7, 3, 0. B2-வில் முதல் சூத்திரத்தையும் C2-வில் இரண்டாவதையும் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=2^(-A2/7)
=B2/SUM(B$2:B$5)*6000
```

முதல் யூடியூப் வீடியோவுக்கு 783 ரூபாய், ரீல்ஸுக்கு 1,163, இரண்டாவது யூடியூபுக்கு 1,728, தேடலுக்கு 2,326 என்று வரும். யூடியூபின் மொத்தப் பங்கு கடைசிக் கிளிக்கில் பூஜ்யம், சமப்பங்கில் 3,000, காலத்தேய்வில் 2,511. ஒரே ஆள், ஒரே விற்பனை, மூன்று பதில்.

இதில் எது சரி என்று கேட்டால், எதுவும் சரி என்று நிரூபிக்க வழியில்லை. ஏன் 7 நாளில் பாதி, ஏன் 5 நாளில் இல்லை? யாரோ ஒருவர் வைத்த எண், அவ்வளவுதான். கூகுளே 2023-இல் கூகுள் ஆட்ஸிலும் அனலிட்டிக்ஸிலும் முதல் கிளிக், சமப்பங்கு, காலத்தேய்வு, இடம் சார்ந்த பங்கு என்ற நாலையும் எடுத்துவிட்டது. இப்போது இருப்பது கடைசிக் கிளிக்கும், Data-driven என்ற தரவு வழி முறையும்தான். பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அந்த மெனுவைத் தேடாதீர்கள், அது அங்கே இல்லை. ஆனாலும் கையால் ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விதியை மாற்றினால் பதில் எவ்வளவு ஆடுகிறது என்பது கையில் பட்டால்தான் புரியும்.

ஐந்தாம் படி: வாங்காதவர்களையும் எண்ணுவது

மேலே பார்த்த மூன்று முறைக்கும் ஒரே கோளாறு. வாங்கியவர்களை மட்டுமே பார்க்கின்றன. ஒரு வீடியோவை வாங்கியவர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் என்பது பெரிய செய்தியே இல்லை, வாங்காதவர்களும் அதே அளவு பார்த்திருந்தால். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: இந்த வீடியோவைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட எவ்வளவு அதிகமாக வாங்கினார்கள்?

நம் நிறுவனம் அடுத்த மாதம் யூடியூபில் இரண்டு வீடியோவை மட்டும் ஓட்டுகிறது என்று வைப்போம். அரைத்துக் காட்டும் நீள வீடியோவுக்கு 90,000 ரூபாய், நினைவூட்டல் வீடியோவுக்கு 82,500 ரூபாய். ஒரு லட்சம் பேரை இப்படிப் பிரிக்கிறோம்:

| பார்த்தது | ஆட்கள் | விற்பனை | விகிதம் |
|---|---|---|---|
| நீள வீடியோ மட்டும் | 20,000 | 120 | 0.6% |
| நினைவூட்டல் மட்டும் | 30,000 | 150 | 0.5% |
| இரண்டும் | 10,000 | 100 | 1.0% |
| எதுவுமில்லை | 40,000 | 160 | 0.4% |

முதலில் சமப்பங்கு முறையில் பார்ப்போம். நீள வீடியோவுக்கு 120-உம் இரண்டையும் பார்த்தவர்களில் பாதி 50-உம் சேர்ந்து 170. நினைவூட்டலுக்கு 150-உம் 50-உம் சேர்ந்து 200. ஒரு விற்பனைக்கு ஆன செலவு நீள வீடியோவில் 529 ரூபாய், நினைவூட்டலில் 412 ரூபாய். இரண்டுமே கொழுத்த லாபம், நினைவூட்டல்தான் கெட்டிக்காரன் என்று தோன்றும்.

இப்போது கடைசி வரிசையைப் பாருங்கள். எந்த விளம்பரமும் பார்க்காதவர்களிலேயே 0.4 சதவீதம் பேர் வாங்குகிறார்கள். அந்தப் பகுதி யாருடைய உழைப்பும் இல்லை, எல்லாக் குழுவிலிருந்தும் அதைக் கழித்துவிட வேண்டும். நீள வீடியோ மட்டும் பார்த்த 20,000 பேரில் 80 பேர் எப்படியும் வாங்கியிருப்பார்கள், மீதி 40-தான் வீடியோவுடையது. நினைவூட்டல் மட்டும் பார்த்த 30,000 பேரில் 120 கழிந்து மீதி 30.

இரண்டையும் பார்த்த 10,000 பேரில் 40 கழிந்து 60 மீதி. இதை எப்படிப் பிரிப்பது? இங்கேதான் லாயிட் ஷேப்லி 1953-இல் எழுதிய கூட்டு விளையாட்டுக் கணக்கு உதவிக்கு வருகிறது (2012-இல் பொருளாதார நோபலை ஆல்வின் ராத்துடன் பகிர்ந்துகொண்டவர் இவர்தான்). ஒவ்வொருவரும் முதலில் வந்தால் எவ்வளவு கூட்டுகிறார், இரண்டாவதாக வந்தால் எவ்வளவு கூட்டுகிறார் என்று பார்த்துச் சராசரி எடுப்பது, அவ்வளவுதான் விஷயம். நீள வீடியோ முதலில் வந்தால் 0.4-ஐ 0.6 ஆக்குகிறது, அதாவது 0.2 கூட்டுகிறது. நினைவூட்டலுக்குப் பிறகு வந்தால் 0.5-ஐ 1.0 ஆக்குகிறது, 0.5 கூட்டுகிறது. சராசரி 0.35. அதே மாதிரி நினைவூட்டல் முதலில் வந்தால் 0.1, பிறகு வந்தால் 0.4, சராசரி 0.25. பத்தாயிரம் பேருக்கு 35-உம் 25-உம், கூட்டினால் 60, கணக்கு நேர்.

ஆக நீள வீடியோவின் பங்கு 40-உம் 35-உம் சேர்ந்து 75 விற்பனை. நினைவூட்டலின் பங்கு 30-உம் 25-உம் சேர்ந்து 55. ஒரு விற்பனைக்கான செலவு நீள வீடியோவில் 1,200, நினைவூட்டலில் 1,500. வரிசையே தலைகீழாக மாறிவிட்டது. கூகுளின் Data-driven முறையும் வாங்கியவர்களின் தடத்தையும் வாங்காதவர்களின் தடத்தையும் ஒப்பிட்டுத்தான் பங்கு போடுகிறது, உள்ளே நடப்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. மூன்று நாலு வீடியோ என்றால் இதே கணக்கு நீளும், கையால் செய்ய முடியாது, ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

நடைமுறையில் இந்த அட்டவணையின் முதல் மூன்று வரிசைகளை Ads Data Hub மாதிரி இடத்திலிருந்து எடுக்கலாம். கடைசி வரிசையை யாரும் தர மாட்டார்கள். விளம்பரம் ஓடாத ஊர்களின் விற்பனையை வைத்துத் தோராயமாகப் போடுவதுதான் வழக்கம். அதைவிடப் பெரிய பிரச்சினை இன்னொன்று இருக்கிறது. யார் எதைப் பார்த்தார்கள் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. வாங்கும் வாய்ப்புள்ளவர்களைத் தேடிப் பிடித்துத்தான் தளம் வீடியோவைக் காட்டுகிறது. நினைவூட்டல் வீடியோ ஏற்கெனவே உங்கள் வலைத்தளத்துக்கு வந்து விலை பார்த்தவர்களுக்கு ஓடுகிறது என்றால் கேட்கவே வேண்டாம், பந்தி வாசலில் நின்றுகொண்டு சாப்பிட வருபவர்களுக்கு எல்லாம் பத்திரிகை நீட்டிவிட்டு, என்னால்தான் இத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்வது போலத்தான். அவர்களுடைய அடிப்படை விகிதம் 0.4 இல்லை, அதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பதை எந்தத் தடமும் சொல்லாது.

இதை அறிக்கையிலேயே மோப்பம் பிடிக்கலாம். நினைவூட்டல் வீடியோவுக்குப் பணத்தை இரட்டிப்பாக்குகிறீர்கள், அதன் கணக்கில் விற்பனை ஏறுகிறது, ஆனால் ஆர்டர் புத்தகத்தின் மொத்தம் அசையவே இல்லை, தேடல் விளம்பரத்தின் கணக்கு மட்டும் இறங்கியிருக்கிறது என்றால், புதிதாக யாரும் வாங்கவில்லை. பெயர் மட்டும் ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்குப் போயிருக்கிறது.

ஆறாம் படி: நிறுத்திப் பார்த்து, பங்கைத் திருத்துவது

வீடியோவை நிறுத்தினால் விற்பனை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதைவிட நேரடியான வழி கிடையாது. கூகுளிலும் மெட்டாவிலும் Conversion Lift என்ற பெயரில் ஆட்களைக் குலுக்கிப் பிரித்துச் செய்யும் சோதனை இருக்கிறது, கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் ஊர்களைப் பிரித்துச் செய்யலாம்.

நம் நிறுவனம் தமிழ்நாட்டு மாவட்டங்களை, கடந்த ஆறு மாத விற்பனை இரு பக்கமும் சமமாக வரும்படி இரண்டு குழுவாக்குகிறது. பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களை ஒரே குழுவில் போடுவது நல்லது, இல்லாவிட்டால் ஈரோட்டில் இருந்துகொண்டு திருப்பூரில் வேலை பார்ப்பவர் இரண்டு பக்கமும் விழுவார். கூகுள் ஆட்ஸின் இட அமைப்பில் Presence என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்றதை வைத்தால் அந்த ஊரில் ஆர்வம் காட்டிய வெளியூர்க்காரருக்கும் வீடியோ போகும். ஒரு குழுவில் வீடியோக்கள் இரண்டையும் நிறுத்துகிறோம். ஏன் நினைவூட்டலை மட்டும் நிறுத்தவில்லை என்றால், மாதம் 530 விற்பனை உள்ள கடையில் 55 விற்பனையின் வித்தியாசம் சாதாரண ஏற்ற இறக்கத்திலேயே மறைந்துவிடும். இரண்டையும் நிறுத்தினால் தேடும் வித்தியாசம் பெரிது, கண்ணுக்குத் தெரிய வாய்ப்பு உண்டு.

நிறுத்திய முதல் 14 நாள் கணக்கில் வராது. ஏற்கெனவே பார்த்தவர்கள் அந்த நாட்களில் வாங்கிக்கொண்டிருப்பார்கள், மூன்றாம் படியில் சாளரத்தைக் கண்டுபிடித்தது இங்கேயும் உதவுகிறது. அதன்பிறகு ஒரு மாதம் எண்ணுகிறோம். வீடியோ ஓடிய குழுவில் 265 விற்பனை, நிறுத்திய குழுவில் 221. வித்தியாசம் 44.

இது உண்மையான வித்தியாசமா, தற்செயலா? தோராயமாகப் பார்க்க ஒரு வழி: இரண்டு எண்ணையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 486-க்கு 22 வருகிறது. வித்தியாசம் அதைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால் நம்பத் தொடங்கலாம். 44 சரியாக விளிம்பில் நிற்கிறது. வீடியோவுக்கு விளைவு இருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் அது 44-ஆ, 25-ஆ, 60-ஆ என்று அடித்துச் சொல்ல முடியாது. நடுவில் பண்டிகை வந்தால், போட்டிக் கடை ஒரு பக்கம் மட்டும் பெரிய தள்ளுபடி போட்டால், சோதனையே கெட்டுவிடும். தீபாவளி மாதத்தில் இதைச் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படியின் கணக்குப்படி இரண்டு வீடியோவும் சேர்ந்து மாதம் 130 விற்பனை தந்திருக்க வேண்டும், பாதி மாநிலத்துக்கு 65. கிடைத்தது 44. ஆக அந்தக் கணக்கு கூட்டிச் சொல்கிறது, 44-ஐ 65-ஆல் வகுத்தால் வரும் 0.68-ஆல் எல்லாப் பங்கையும் பெருக்க வேண்டும். நீள வீடியோவின் 75, 51 ஆகிறது. நினைவூட்டலின் 55, 37 ஆகிறது. ஒரு விற்பனைக்கான செலவு நீள வீடியோவில் சுமார் 1,765 ரூபாய், நினைவூட்டலில் சுமார் 2,230 ரூபாய். கிரைண்டருக்கு நிற்பதே 2,000 ரூபாய் என்பதை நினைவில் வையுங்கள். சமப்பங்கு அறிக்கையில் 412 ரூபாய்க்கு விற்பனை தந்த அதே வீடியோ, இங்கே ஒவ்வொரு விற்பனைக்கும் கையைக் கடிக்கிறது.

இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்கியதில் ஒரு அநியாயம் இருக்கிறது. சோதனை மொத்தத்தைத்தான் அளந்தது, குறைந்தது எந்த வீடியோவால் என்று அளக்கவில்லை. வலைத்தளத்துக்கு ஏற்கெனவே வந்தவர்களைத் துரத்தும் நினைவூட்டலில்தான் மிகைப்படுத்தல் அதிகம் இருந்திருக்கும் என்பது என் ஊகம், நிரூபணம் இல்லை. அதனால் அதை முழுசாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். அதன் பணத்தில் பாதியை எடுத்து நீள வீடியோவில் போட்டு, ஆறு வாரம் ஆர்டர் புத்தகத்தின் மொத்தத்தை மட்டும் கவனிப்பேன், தளங்களின் பத்திகளைத் திறக்கவே மாட்டேன். மொத்தம் இறங்கினால் நினைவூட்டலுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இறங்காவிட்டால் மீதிப் பாதியையும் எடுக்கலாம். நடுவில் வீடியோவையோ விலையையோ இலக்குக் கூட்டத்தையோ மாற்றினால் அந்த 0.68 செல்லாது, சோதனையை மறுபடி செய்தாக வேண்டும். எதையும் மாற்றாவிட்டாலும் வருஷத்துக்கு இரண்டு தடவை, பண்டிகை இல்லாத மாதங்களாகப் பார்த்து, ஊர்க்குழுக்களை இடம் மாற்றிப் போட்டுச் செய்யுங்கள். போன தடவை வீடியோ ஓடிய பக்கத்தில் இந்தத் தடவை நிறுத்துங்கள்.